வாடிக்கையாளர் திரும்பத் திரும்பக் கேட்பதைத் தேடினால் கிடைக்கும் பதில்களாக்குவது எப்படி: ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடையை வைத்து முழுமையான வழிகாட்டி

சிறிய தொழில் நடத்துபவர்களின் வாட்ஸ்அப்பைத் திறந்து பார்த்தால் ஒரே பதிலை அவர் எத்தனை பேருக்குத் தட்டச்சு செய்திருக்கிறார் என்பது தெரியும். காலையில் ஒருவருக்கு விளக்கமாக, மதியம் இன்னொருவருக்குச் சுருக்கமாக, ராத்திரி பத்து மணிக்கு மூன்றாவது ஆளுக்கு "ஆமாங்க, நல்ல எண்ணெய்தான்" என்று ஒரே வரியில். கேள்வி மூன்றும் ஒன்றுதான். மூன்றாவது ஆளுக்குப் பாதிப் பதில்தான் கிடைத்தது, அவர் அடுத்த மாதம் ஆர்டர் போடாமல் போகலாம்.

இந்தப் பதில்களை ஒருமுறை ஒழுங்காக எழுதி, தேடினால் கிடைக்கும்படி ஓரிடத்தில் வைப்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். பொதுவாகப் பேசினால் யாருக்கும் பயன்படாது என்பதால், ஒரே கடையை வைத்துக்கொண்டு போவோம். காங்கேயம் பக்கம் ஒரு மரச்செக்கு. தேங்காய், கடலை, நல்லெண்ணெய் மூன்றும் ஆட்டி, கடையிலும் விற்கிறார்கள், வாட்ஸ்அப்பிலும் வேர்ட்பிரஸ் இணையதளத்திலும் ஆர்டர் வாங்கிக் கூரியரில் அனுப்புகிறார்கள். கடை நான் கற்பனை செய்தது. கேள்விகள் எண்ணெய் விற்கும் யாரும் கேட்டுக் கேட்டுச் சலித்தவை.

கேள்விகளை அவர்கள் சொன்னபடியே எடுங்கள்

உட்கார்ந்து யோசித்து, "வாடிக்கையாளர் என்னென்ன கேட்பார்கள்" என்று பட்டியல் போடாதீர்கள். தொழில் தெரிந்தவர் அப்படி யோசித்தால், அவர் சொல்ல விரும்பும் விஷயங்கள்தான் வரும். "மரச்செக்கு எண்ணெயின் தனிச்சிறப்புகள் என்ன?" என்று எந்த வாடிக்கையாளரும் கேட்பதில்லை. "எண்ணெய் கட்டியாயிருச்சுங்க, மெழுகு ஏதாச்சும் கலந்திருக்கீங்களா?" என்றுதான் கேட்கிறார்.

கடந்த மூன்று மாத வாட்ஸ்அப் உரையாடல்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மேலிருந்து படியுங்கள். ஒரு உரையாடல் நீளமாக இருந்தால் அதற்குள் போய் `Export chat` கொடுத்து, படங்கள் இல்லாமல் எடுத்தால் வெறும் எழுத்துக் கோப்பாக வரும். கணினியில் திறந்து கேள்விக்குறி, "ஏன்", "எப்படி", "லாமா" ஆகியவற்றைத் தேடிப் போகலாம். ஆனால் நம் ஆட்கள் பாதிக் கேள்விகளைக் கேள்விக்குறியே இல்லாமல்தான் அனுப்புவார்கள். "அண்ணா அடியில மண்டி இருக்கு" என்பதும் கேள்விதான். அதனால் கண்ணால் ஒருமுறை ஓட்டுவதைத் தவிர்க்க முடியாது.

போனில் வருவதற்கு வேறு வழி வேண்டும். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்து, போன் எடுப்பவர் கேள்வியை மட்டும் ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். பதில் எழுத வேண்டாம், பெயரும் நம்பரும் வேண்டாம். இரண்டு வாரம் போதும்.

பிறகு எல்லாவற்றையும் ஒரு விரிதாளில் கொட்டுங்கள். நான்கு பத்திகள் போதும்: அவர் சொன்ன வார்த்தைகள் அப்படியே, எந்தப் பொருள், வாங்கும் முன் கேட்டாரா வாங்கிய பின்னா, எத்தனை பேர். முதல் பத்தியில் எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தாதீர்கள். "எண்ணை" என்று அவர் எழுதியிருந்தால் "எண்ணை" என்றே இருக்கட்டும். ஏன் என்பது தேடல் பற்றிப் பேசும்போது தெரியும். எண்ணும்போது ஆட்களை எண்ணுங்கள், செய்திகளை அல்ல. கோபமான ஒரே ஆள் ஒரே கேள்வியை ஆறு முறை அனுப்பியிருப்பார்.

எல்லாக் கேள்விக்கும் பதிவு எழுத வேண்டியதில்லை

எண்ணி முடித்ததும் உச்சியில் அநேகமாக "என் பார்சல் எங்க இருக்கு?" என்பதுதான் நிற்கும். அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதானே, இதிலிருந்தே தொடங்குவோம் என்று தோன்றும். வேண்டாம். அதற்கான பதில் ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். கூரியரில் போட்ட அன்றைக்கே டிராக்கிங் எண்ணை அனுப்பிவிட்டால் கேள்வியே பாதியாகும். அது அலுவலக ஒழுங்கில் சரிசெய்ய வேண்டியது, எழுதித் தீராது.

நான் ஒவ்வொரு கேள்வியிடமும் ஒன்றைத்தான் கேட்பேன்: இதற்கான பதில் கேட்கும் எல்லோருக்கும் ஒன்றேயா? ஆம் என்றால் பதிவு. இரண்டு மூன்று கிளையாகப் பிரிந்து, அந்தக் கிளைகளை எழுதிவிட முடியுமென்றால் அதுவும் பதிவு. கேட்பவர் யார் என்று தெரியாமல் பதிலே சொல்ல முடியாது என்றால் அது பதிவல்ல.

எண்ணெய்க் கடைக்கு இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. "எனக்குச் சுகர் இருக்கு, எந்த எண்ணெய் சாப்பிடலாம்?" என்று தினமும் யாராவது கேட்பார்கள். நிறையப் பேர் கேட்பதால் பதிவாக்கத் தோன்றும், ஆர்டரும் வரும். ஆனால் அவருடைய உடம்பு உங்களுக்குத் தெரியாது. உணவுப் பொருள் விற்பவர் அது நோயைத் தீர்க்கும், தடுக்கும் என்று விளம்பரம் செய்யக் கூடாது என்பது எஃப்எஸ்எஸ்ஏஐயின் விதிமுறை. விளம்பரங்களுக்கும் உரிமைகோரல்களுக்கும் என்றே 2018-ல் தனி ஒழுங்குமுறை வந்திருக்கிறது. உங்கள் தளத்தில் நிரந்தரமாக நிற்கும் பதிவும் விளம்பரம்தான் என்று எடுத்துக்கொள்வது நல்லது. "எண்ணெயில் என்ன இருக்கிறது என்று சொல்வோம், உங்களுக்கு எவ்வளவு சேரும் என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்" என்று நேரில் சொல்வதோடு நிறுத்துங்கள்.

வடிகட்டிய பிறகு மிஞ்சுவதை இன்னொரு முறை பாருங்கள். ஒரே கேள்வி போலத் தெரிவது உள்ளே நாலாக இருக்கும். "எண்ணெய் கெட்டுப்போச்சா?" என்று இருபது பேர் கேட்டிருந்தால், அவர்கள் கண்டது என்ன என்று செய்தியின் மீதியைப் படியுங்கள். சிலருக்குத் தேங்காய் எண்ணெய் கட்டியாகியிருக்கும். சிலர் நல்லெண்ணெய் பாட்டிலின் அடியில் மண்டியைப் பார்த்திருப்பார்கள். சிலருக்குப் போன முறை வாங்கியதைவிட நிறம் மாறியிருக்கும். ஒருசிலருக்கு உண்மையிலேயே சிக்கு வாடை வந்திருக்கும். முதல் மூன்றுக்கும் பதில் "கெடவில்லை". நான்காவதற்குப் பதில் "ஆமாம், கெட்டுவிட்டது, திருப்பி அனுப்புங்கள்". இவற்றை ஒரே பதிவில் போட்டால், சிக்கு வாடை அடிக்கும் எண்ணெயை வைத்திருப்பவர் "கெடவில்லை" என்ற வரியைப் படித்துவிட்டுப் போய்விடுவார். கண்ணுக்குத் தெரியும் அறிகுறி ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் சுற்றுக்குப் பத்து, பன்னிரண்டு கேள்விகள் போதும். அதற்கு மேல் ஒரே மூச்சில் எழுத ஆரம்பித்தால் கேட்கப்படாத கேள்விகளுக்குப் பதில் எழுதத் தொடங்கிவிடுவோம்.

பதிலை முதலாளியின் வாயிலிருந்து எடுப்பது

தொழில் தெரிந்தவருக்கு எழுதப் பிடிக்காது, எழுதத் தெரிந்தவருக்குத் தொழில் தெரியாது. பெரும்பாலான கடைகளில் வேலை நிற்பது இந்த இடத்தில்தான். தீர்வு எளிது. கடையில் வேலை பார்க்கும் ஒருவர் கேள்வியைக் கேட்க, முதலாளி போனில் குரல் பதிவாகப் பேசட்டும். வாடிக்கையாளர் கேட்ட அதே வார்த்தைகளில் கேட்க வேண்டும், சற்றுச் சந்தேகத் தொனியோடு.

உதாரணமாக இந்தக் கேள்வி: "ஒரு லிட்டர் கடலை எண்ணெய் வாங்குனேன், தராசுல போட்டா 910 கிராம்தான் காட்டுது. தொண்ணூறு கிராம் எங்க?"

முதலாளி சொல்லும் பதில் ஏறக்குறைய இப்படிப் போகும்: "அதுங்க, அந்தக் காலத்துல படியிலதான் அளந்து ஊத்துவோம். எடையே கிடையாது. அப்புறம் டின்னு வந்துச்சு, பதினஞ்சு கிலோ டின்னு, பதினஞ்சு லிட்டர் டின்னுன்னு ரெண்டு வந்துச்சு, அதுலயே நெறயப் பேரு ஏமாந்தாங்க. லிட்டரு வேற, கிலோ வேற. தண்ணிதான் லிட்டருக்குக் கிலோ. எண்ணெய் தண்ணியில மிதக்குமில்ல, அதான்."

தங்கமான பதில், ஆனால் தலைகீழாக இருக்கிறது. கேட்டவருக்கு வேண்டியது கடைசி மூன்று வாக்கியங்களில் இருக்கிறது. பொதுவாகவே அப்படித்தான்: தெரிந்தவர் வரலாற்றில் தொடங்கிக் காரணத்தில் முடிப்பார். அதனால் குரல் பதிவைக் கேட்டு எழுதுபவர் முதலில் கடைசியிலிருந்து எடுக்க வேண்டும். "எண்ணெய் தண்ணீரில் மிதக்குமில்லையா" என்பதைக் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அடர்த்தி என்று நீங்களாக எழுதினால் புரியாதவருக்கும் இது புரியும். பதினைந்து கிலோ டின், பதினைந்து லிட்டர் டின் விஷயம் உண்மையிலேயே வாங்குபவருக்குப் பயன்படும் என்பதால் அதையும் விடக்கூடாது. படியில் அளந்த கதையை விட்டுவிடலாம்.

எழுதியபின் இப்படி வரும்:

> ஒரு லிட்டர் கடலை எண்ணெய் 910 கிராம்தான் இருக்கிறதே, ஏன்?
>
> அளவு சரிதான். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் சுமார் 910 கிராம்தான் இருக்கும்.
>
> தண்ணீர்தான் ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ. எண்ணெய் தண்ணீரைவிட லேசானது, அதனால்தான் மிதக்கிறது. திருப்பிச் சொன்னால், ஒரு கிலோ எண்ணெய் சுமார் 1.1 லிட்டர் வரும். தேங்காய் எண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் கணக்கு ஏறக்குறைய இதேதான்.
>
> எடை போடும்போது காலி பாட்டிலின் எடையைக் கழித்துவிடுங்கள். கழித்த பிறகும் 900 கிராமுக்குக் கீழே இருந்தால் படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள், குறைந்ததைத் தருகிறோம்.
>
> வேறு கடையோடு விலையை ஒப்பிடும்போது இரண்டும் லிட்டரா, இரண்டும் கிலோவா என்று பாருங்கள். 15 கிலோ டின்னில் 15 லிட்டர் டின்னைவிட ஒன்றரை லிட்டர் போல அதிகம் இருக்கும்.
>
> எடை, அளவு, தராசு, கிராம் குறையுது, கடலை எண்ணை, oil weight, ennai edai kuraiyuthu

முதல் இரண்டு வாக்கியம் மட்டும் படித்துவிட்டு ஒருவர் போனை மூடினாலும் பதில் கிடைத்துவிடுகிறது. மூன்றாவது பத்தியில் உள்ள "900 கிராமுக்குக் கீழே இருந்தால்" என்ற வரிதான் எனக்கு இதில் மிகவும் முக்கியம். எப்போது உங்கள் பதில் பொருந்தாது என்று சொல்லாத பதிவைச் சந்தேகப்படுபவர் நம்ப மாட்டார். கடையைக் காப்பாற்றுவதற்கு எழுதியது போலவே தெரியும். எல்லை சொன்னதும், தராசை எடுத்து அவரே பார்த்துக்கொள்வார்.

இன்னொன்று, கொஞ்சம் கஷ்டமான கேள்வி. மார்கழியில் பெங்களூரிலிருந்தும் ஊட்டியிலிருந்தும் வருவது:

> தேங்காய் எண்ணெய் கட்டியாகிவிட்டதே, மெழுகு கலந்திருக்கிறதா?
>
> இல்லை. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் தானாகவே கட்டியாகும், சூடு ஏறினால் இளகும். எத்தனை முறை கட்டியாகி இளகினாலும் அதனால் கெடாது.
>
> இரண்டுக்கும் நடுவில் உள்ள சூட்டில் வெள்ளைத் திட்டுகள் மிதப்பது போலவோ, பாதி மட்டும் கட்டியாகவோ தெரியும். அதுவும் இயல்புதான்.
>
> பாட்டிலை மூடியோடு வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி வையுங்கள். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், பிளாஸ்டிக் பாட்டில் நெளிந்துவிடும். அவசரத்துக்குக் கரண்டியால் எடுப்பதாக இருந்தால் ஈரமில்லாத கரண்டி. தண்ணீர் உள்ளே போனால் எண்ணெய் கெட்டுவிடும்.
>
> கட்டியாவது கலப்படமில்லை என்பதற்குச் சான்று அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறோம். பாமாயில் வகைகள் சிலவும் இதே போலக் கட்டியாகும். கலப்படம் உண்டா இல்லையா என்பதை ஆய்வகச் சோதனைதான் சொல்லும். எங்கள் கடைசிச் சோதனை அறிக்கை இங்கே இருக்கிறது.

கடைசிப் பத்தியை எழுதக் கடைக்காரர்கள் தயங்குவார்கள். "கட்டியானால்தான் சுத்தமான தேங்காய் எண்ணெய்" என்று எழுதினால் விற்பனைக்கு நல்லதாயிற்றே என்பார்கள். அது உண்மையல்ல. அப்படி எழுதிவிட்டால் சித்திரை வெயிலில் எண்ணெய் இளகிக் கிடக்கும்போது, "கட்டியே ஆகலையே, அப்ப இது போலியா?" என்று அடுத்த கேள்வியை நீங்களே உண்டாக்கியிருப்பீர்கள். ஒரு பதிவு நான்கு புதிய கேள்விகளைப் பெற்றுப் போடுகிறது என்றால் பெரும்பாலும் அதில் எங்கோ மிகைப்படுத்தல் இருக்கும்.

நீளம் அவ்வளவுதான். நூறு சொல்லுக்கு முன்பின். போன் திரையில் இரண்டு முறை விரலால் தள்ளினால் முடிந்துவிட வேண்டும். அதற்கு மேல் போனால் உள்ளே இன்னொரு கேள்வி புகுந்துவிட்டது என்று அர்த்தம், பிரித்துவிடுங்கள்.

தேடினால் கிடைக்க வேண்டும்: தமிழில் இது தனி வேலை

எழுதுவதைவிட இதுதான் எனக்கு அதிக நேரம் எடுக்கும் பகுதி, பலர் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான்.

வேர்ட்பிரஸில் கூடவே வரும் தேடல் பெட்டிக்கு மொழி தெரியாது. நீங்கள் அடித்த எழுத்துகள் அதே வரிசையில் தலைப்பிலோ உள்ளேயோ இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்கும். நான்கு சொல் அடித்தால் நான்கும் அந்தப் பதிவில் எங்காவது இருக்க வேண்டும். ஒன்று இல்லை என்றாலும் பதிவு வராது. அதாவது வாடிக்கையாளர் விவரமாகக் கேட்கக் கேட்க, ஒன்றும் கிடைக்காமல் போகும் வாய்ப்பு கூடுகிறது.

தமிழில் இது இன்னும் சிக்கல். பதிவில் "கட்டியாகிவிட்டதே" என்று இருக்கிறது. வாடிக்கையாளர் "கட்டியாயிருச்சு" என்று அடிக்கிறார். எழுத்து வேறு, எனவே இல்லை என்று சொல்லிவிடும். பதிவு முழுக்க "எண்ணெயை", "எண்ணெயில்" என்றே இருந்து "எண்ணெய்" எங்கும் தனியாக இல்லாவிட்டால், "எண்ணெய்" என்று தேடுவதும் தவறலாம், ஏனென்றால் உருபு சேரும்போது கடைசிப் புள்ளி போய்விடுகிறது. "தேங்காயெண்ணெய்" என்று சேர்த்து எழுதியிருந்தால் அதற்குள் "எண்ணெய்" என்ற எழுத்து வரிசையே இல்லை. இதற்கெல்லாம் மேல், பாதிப்பேர் "எண்ணை" என்றுதான் எழுதுகிறார்கள். இன்னொரு பாதி தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள்.

அதற்காக எழுத்து நடையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பதிவின் உடலை நல்ல தமிழில் எழுதுங்கள், பொருளின் பெயரை ஒரு முறையாவது உருபு இல்லாமல் தனியாக எழுதுங்கள், சேர்த்து எழுதாமல் பிரித்து எழுதுங்கள். பிறகு கடைசியில் சிறிய எழுத்தில் ஒரே ஒரு வரி, மக்கள் அந்த விஷயத்தைக் கேட்கும் மற்ற விதங்கள். தேங்காய் எண்ணெய்ப் பதிவுக்கு இப்படி:

```
கட்டி, கட்டியாயிருச்சு, உறைஞ்சிருச்சு, உறையுது, தேங்காய் எண்ணை,
மெழுகு, thengai ennai urayuthu, ennai katti aagiruchu, coconut oil freeze
```

இந்தச் சொற்களை எங்கிருந்து எடுப்பது? விரிதாளின் முதல் பத்தியிலிருந்து. எழுத்துப்பிழையைத் திருத்த வேண்டாம் என்று சொன்னது இதற்குத்தான். உண்மையில் யாரோ எழுதியவற்றை மட்டும் போடுங்கள். நாமாக யோசித்து முப்பது சொல் அடுக்கினால் எல்லாப் பதிவும் எல்லாத் தேடலுக்கும் வந்து நிற்கும், அது தேடல் இல்லாததற்குச் சமம்.

தேடல் பெட்டிக்குள் மங்கலாக "தேடுக" என்று இருக்கும் இடத்தில் "ஒரு சொல் அடியுங்கள்: கட்டி, மண்டி, எடை" என்று மாற்றிவிடுங்கள். ஒரு சொல்லோடு நிறுத்துபவருக்கு இந்தப் பெட்டி நன்றாகவே வேலை செய்யும். கூகுளிலிருந்து வருபவர்களைப் பற்றி இவ்வளவு கவலை வேண்டாம், அது சொல் வடிவ மாற்றங்களை ஓரளவு நன்றாகவே புரிந்துகொள்கிறது. அங்கே தலைப்பு கேள்வியாகவே இருந்தால் போதும். கேள்வி-பதில் குறியீடு சேர்த்தால் கூகுள் முடிவுகளில் விரிந்து தெரியும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 2023 ஆகஸ்டிலேயே கூகுள் அதைப் பெயர்பெற்ற அரசு, சுகாதாரத் தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது.

முகவரியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் தலைப்பு கொடுத்தால் வேர்ட்பிரஸ் முகவரியையும் தமிழிலேயே அமைத்துவிடும். பார்க்க அழகுதான். ஆனால் அதை வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது ஒவ்வொரு எழுத்துக் குறியும் `%E0%AE%95` மாதிரி ஒன்பது எழுத்துகளாக விரிந்துவிடலாம். "தேங்காய்" என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் 72 எழுத்துகள். பார்ப்பவர் ஏதோ வைரஸ் என்று பயந்து தொட மாட்டார். போதாததற்கு, வேர்ட்பிரஸ் முகவரியை 200 எழுத்தோடு வெட்டிவிடும், எனவே தமிழ்த் தலைப்பு இரண்டு மூன்று சொல்லிலேயே அறுந்துபோகும். பதிவை வெளியிடும் முன் முகவரியைக் கையால் மாற்றிவிடுங்கள்:

```
/kelvi/thengai-ennai-katti
/kelvi/ennai-edai-910
```

பிறகு மாற்றக்கூடாது. நூறு பேரின் வாட்ஸ்அப்பில் அந்த முகவரி கிடக்கும்.

வகைகளைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு பதிவுக்கு மூன்று எண்ணெயின் பெயரும் "ஆர்டர், டெலிவரி" என்பதும் போதும். இன்ஸ்டாகிராமில் மட்டும் போட்டால் என்ன என்று கேட்பார்கள். போடுங்கள், ஆனால் அங்கே மட்டும் வேண்டாம். போன மார்கழியில் போட்ட படத்தை இந்த மார்கழியில் வாடிக்கையாளர் தேடி எடுக்க மாட்டார். பதிலின் வீடு உங்கள் தளமாக இருக்கட்டும், மற்ற இடங்களில் அதன் நகல்.

கேள்வி வரும் இடத்தில் பதிலை வையுங்கள்

நூலகம் கட்டிவிட்டு யாராவது வந்து தேடுவார்கள் என்று காத்திருந்தால் யாரும் வரமாட்டார்கள். முதலில் அதைப் பயன்படுத்தப் போவது நீங்களும் உங்கள் கடைப் பையன்களும்தான்.

வாட்ஸ்அப் பிசினஸில் `Quick replies` என்று ஒரு வசதி உண்டு. ஒரு பதிலைச் சேமித்து அதற்குக் குறுஞ்சொல் கொடுத்தால், சாய்கோடு போட்டு அந்தச் சொல்லை அடித்ததும் பதில் வந்து நிற்கும். ஒவ்வொரு பதிவுக்கும் ஒன்று செய்துகொள்ளுங்கள்: `/katti`, `/mandi`, `/edai`. ஐம்பது வரை வைக்கலாம், நமக்கு அது தாராளம்.

அதில் வெறும் இணைப்பை மட்டும் சேமிக்காதீர்கள். கேட்டவருக்கு இணைப்பை மட்டும் அனுப்புவது "போய்ப் படிச்சுக்கோ" என்பது போலத்தான் படும். பதிவின் முதல் இரண்டு வாக்கியங்கள், பிறகு "படத்தோட விவரமா இங்க எழுதியிருக்கோங்க", பிறகு இணைப்பு. அனுப்பும் முன் அவர் பெயரையோ, அக்கா, அண்ணா என்றோ முன்னால் கையால் சேர்த்துவிடுங்கள். பெரியவர் ஒருவர் குரல் செய்தியில் கேட்டிருந்தால் இணைப்பே வேண்டாம், நீங்களும் குரலில் சொல்லிவிடுங்கள், பதிவைப் பார்த்துக்கொண்டே.

வாங்கும் முன் கேட்கப்படுபவை, வாங்கிய பின் கேட்கப்படுபவை என்று விரிதாளில் பிரித்தது இங்கே கைகொடுக்கும். முன் கேட்கப்படுபவற்றின் இணைப்பு பொருள் பக்கத்தில், விலைக்குக் கீழே இருக்க வேண்டும். பின் கேட்கப்படுபவை பார்சலுக்குள் போக வேண்டும். கார்த்திகை முதல் மாசி வரை தேங்காய் எண்ணெய் பார்சலில் "கட்டியாக இருந்தால் பயப்பட வேண்டாம்" என்ற ஒரு வரியும் அந்தப் பதிவுக்கான கியூஆர் குறியும் அச்சடித்த துண்டுச்சீட்டு போடுங்கள். ஆண்டு முழுக்கப் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது

எத்தனை பேர் பதிவைப் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையை நான் பொருட்படுத்துவதில்லை. இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, பதிலை அனுப்பிய பிறகு அவர் திரும்ப என்ன எழுதுகிறார். "சரிங்க, நன்றி" என்றால் பதிவு நன்றாக இருக்கிறது. "அப்ப இதை யூஸ் பண்ணலாமா?" என்று வந்தால் முதல் வாக்கியம் பதிலைச் சொல்லவில்லை. இரண்டு மூன்று பேர் ஒரே தொடர்கேள்வியைக் கேட்டால், அதற்கான பதிலைப் பதிவின் முதல் பத்திக்குக் கொண்டுவாருங்கள்.

இரண்டு, மக்கள் தேடிய சொற்கள். தளத்தில் கூகுள் அனலிட்டிக்ஸ் இருந்தால் உள்தேடல்களை அது `view_search_results` என்ற பெயரில் பதிவுசெய்து வைக்கும், வேர்ட்பிரஸ் தேடலின் `?s=` முகவரியை அதற்குத் தானாகவே தெரியும். மாதம் ஒருமுறை அந்தச் சொற்களை எடுத்து, நீங்களே தேடல் பெட்டியில் ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள். ஒன்றும் வராவிட்டால் இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும். பதிவு இருக்கிறது, அந்தச் சொல் அதில் இல்லை: கடைசி வரியில் சேர்த்துவிடுங்கள். அல்லது பதிவே இல்லை: விரிதாளில் எழுதிவையுங்கள், இன்னும் இரண்டு மூன்று பேர் கேட்டால் பதிவாக்குங்கள். `Search Console` பக்கத்தில் கூகுளில் மக்கள் அடித்த சொற்களும் தெரியும், ஆனால் மிகச் சிலரே தேடியவற்றை அது காட்டாது. சிறிய கடைக்கு உள்தேடல்தான் அதிகம் சொல்லும்.

பதிவுகள் பழசாவதும் இரண்டு வேகத்தில் நடக்கும். எண்ணெய் 24 டிகிரியில் உறைவது மாறப்போவதில்லை. கூரியர் கட்டணம், டெலிவரி நாட்கள், சோதனை அறிக்கை, லேபிள் விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். எண்ணெய் பாட்டிலில் லிட்டரோடு எடையையும் போட வேண்டும், எந்த வெப்பநிலையில் என்று போடக்கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் சொன்னபோது, எடை பற்றிய பழைய பதில்கள் பலவும் திருத்த வேண்டியவையாகிவிட்டன. மாறக்கூடிய பதிவுகளின் தலைப்புக்குக் கீழே மட்டும் "கடைசியாகச் சரிபார்த்தது" என்று மாதத்தையும் ஆண்டையும் போட்டு, அவற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை படித்துப் பாருங்கள். விலையைப் பதிவுக்குள் எழுதவே வேண்டாம், பொருள் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்துவிடுங்கள்.

முப்பது, நாற்பது பதிவு சேர்ந்த பிறகு ஒரே கேள்விக்கு இரண்டு பதிவு இருப்பது தெரியவரும், பெரும்பாலும் வெவ்வேறு ஆட்கள் எழுதியது. இரண்டிலும் நல்லதை எடுத்து ஒன்றாக்கி, மற்றதன் முகவரியை அழிக்காமல் இதற்குத் திருப்பிவிடுங்கள். புதிதாக ஒருவர் எழுத உட்காரும்போது, எழுதும் முன் தேடல் பெட்டியில் அந்தக் கேள்வியின் ஒரு சொல்லை அடித்துப் பார்த்துவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள்.